தள்ளிவைக்கச் சொன்னீர்கள்

சூர்யகலா சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு மெயிலுக்காகப் பேச்சு வாங்கினாள். மேலாளர் ஜெகநாதனுக்கு அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. நூல் இருப்பு விவரத்தை இணைத்துள்ளேன், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும் என்று.

ஜெகநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்து, "அனுப்பவும்னு நான் உனக்கு எழுதலாம். நீ எனக்கு எழுதலாமா?" என்று கேட்டார். அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, "நேற்றுத் தாங்கள் சொன்னீர்" என்று ஒரு மெயிலில் எழுதிவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டார். நீர், வாரும், சொன்னீர் என்றெல்லாம் பஞ்சாயத்தில் எதிராளியிடம் பேசுவது மாதிரி இருக்கிறது என்றார். "கடைசியில 'கள்' போடும்மா. எழுத்துலதானே மரியாதை தெரியும்." சூர்யகலா அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பி.காம். படித்தவள். அலுவலகத் தமிழ் தனக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். அன்றிலிருந்து அவள் மெயில்களில் சொன்னீர்கள், கூறினீர்கள், பார்வையிட்டீர்கள் தவிர வேறு எதுவும் இருக்காது.

கமண்டலா பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் என்று அந்த இடத்துக்குப் பெயர். முன்பக்கம் விற்பனைக் கூடம், மாடியில் அலுவலகம், பின்பக்கம் சாயச்சாலை. பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பதும் சாயம் ஏற்றுவதும் அங்கேதான் நடக்கும். எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். சாயச்சாலையின் ஓரத்தில் தகரக் கொட்டகைக்குள் பாய்லர் இருந்தது. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தாலும், பதிவுக்கு வேண்டியதை மெயிலில், தமிழில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த மெயில்களை எழுதுவது சூர்யகலாவின் வேலை.

சாயச்சாலைப் பொறுப்பாளர் தருமன். நாற்பத்தாறு வயது. சேவூர்க்காரர். இருபது வருஷமாக அங்கே இருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் சூர்யகலாவுக்கு வேலையில் மூத்தவர், வயதிலும் மூத்தவர். அவருக்கு எழுதும்போதும் அவள் ஐயா என்று ஆரம்பித்து, தெரிவித்தீர்கள், கேட்டீர்கள் என்றுதான் எழுதுவாள். தருமனுக்கு அது சிரிப்பாக இருக்கும். எதிரே வந்து நின்றால் அண்ணா என்று கூப்பிடுகிற பெண் மெயிலில் மட்டும் கலெக்டருக்கு மனு எழுதுவது போல எழுதுகிறதே என்பார். அவள் மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவருக்கு மரியாதை கொடுத்து இன்னொருவருக்குக் குறைப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் பாய்லருக்குப் பராமரிப்பு செய்யும் நாள் வந்தது. வேலூரிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜெகநாதன் சூர்யகலாவைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்திருந்த புடவை ஆர்டர்களின் பட்டியல் மேசைமேல் இருந்தது. பாய்லரை நான்கு நாள் நிறுத்தினால் சாயத்துக்குப் போன நூலெல்லாம் தேங்கிவிடும், தறிகள் சும்மா நிற்கும் என்றார். வேலூர்க்காரர்களுக்கு போன் போட்டு, முகூர்த்தம் முடிந்து வரச் சொல்லிவிடு என்றார்.

சேஃப்டி வால்வு ஒட்டிக்கொள்கிறது என்று தருமன் அண்ணா இரண்டு தடவை சொன்னார் என்று சூர்யகலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதெல்லாம் தருமன் பாத்துப்பான். நீ போன் பண்ணு."

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் வெளியே வந்து போன் செய்தாள். பிறகு பின்பக்கம் போய்த் தருமனிடம் விஷயத்தைச் சொன்னாள். தருமன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர் கத்தவும் இல்லை, மேலே போய்ச் சண்டை போடவும் இல்லை. இருபது வருஷத்தில் இதுபோல எத்தனையோ தள்ளிப் போனதைப் பார்த்தவர். "மெயில்ல ஒண்ணு போட்டு வச்சிடும்மா. வேணாம்னு அவர் சொன்னாருன்னு எழுத்துல இருக்கட்டும். நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நம்ம தலையிலதான் வந்து வுழும். எனக்கும் அனுப்பு," என்றார்.

அவள் அன்று சாயங்காலமே எழுதினாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பாய்லர் பராமரிப்புப் பணி வரும் செவ்வாய்க்கிழமை நடைபெறுவதாக இருந்தது. ஆவணி மாத ஆர்டர்கள் முடியும் வரை அதைத் தள்ளிவைக்கச் சொன்னீர்கள். அதன்படி பராமரிப்பு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டேன். சேஃப்டி வால்வு சரியாக இயங்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். இப்படிக்கு, சூர்யகலா."

அனுப்பும் முன் ஒரு விஷயத்தில் யோசித்தாள். பெறுநர் என்ற இடத்தில் ஜெகநாதனின் முகவரியைப் போட்டாள். தருமனின் முகவரியை நகல் என்ற இடத்தில் போட்டாள். பிறகு மனசு கேட்கவில்லை. அவ்வளவு மூத்தவரை நகலில் போடுவது, கல்யாணப் பத்திரிகையில் பெரியவர் பெயரைக் கடைசி வரியில் போடுவது மாதிரி தோன்றியது. எடுத்து மேலே, ஜெகநாதன் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அனுப்பினாள்.

ஜெகநாதன் பதில் எழுதவில்லை. தருமன் மறுநாள் அவளைப் பார்த்தபோது, வந்தது என்று தலையாட்டினார்.

ஆவணி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அழுத்தம் ஏறியும் சேஃப்டி வால்வு திறக்கவில்லை. மாடியில் இருந்தவர்களுக்கு ஒரு பெரிய சீறல் கேட்டது, அவ்வளவுதான். சூர்யகலா கீழே ஓடியபோது கொட்டகை முழுவதும் வெள்ளையாக இருந்தது. அதற்குள்ளிருந்து தருமனை இரண்டு பேர் இழுத்து வந்தார்கள். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்க அவர் மட்டும் உள்ளே போயிருந்தார்.

வேலூரில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நான்காம் நாள் சூர்யகலா போய்ப் பார்த்தாள். முகத்திலும் கழுத்திலும் கட்டு. உதடு மட்டும் தெரிந்தது. அவர் மனைவி சின்னபொண்ணு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தருமன் குரலை வைத்துச் சூர்யகலாவை அடையாளம் கண்டுகொண்டு, "மெயில் இருக்குதில்ல?" என்று கேட்டார். இருக்கிறது அண்ணா என்றாள். அவர் சின்னபொண்ணு நின்ற பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. "நல்லதாப் போச்சு. அதைக் காட்டினா போதும்," என்றார்.

பதினோராம் நாள் விடிகாலையில் இறந்துபோனார்.

போலீஸார் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். மேலிடத்திலிருந்து துறை விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். திலகவதி என்று பெயர். நிதானமானவர், யார் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்பவர். சங்கத்தின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. ஒரு பக்கம் ஜெகநாதன், எதிர்ப்பக்கம் சூர்யகலா, ஓரத்தில் வாக்குமூலம் தட்டச்சு செய்ய ஒருவர்.

சூர்யகலா பயப்படவில்லை. மெயிலை அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அதைவிடத் தெளிவாக வேறு என்ன வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஜெகநாதன் அந்தத் தாளை மறுக்கவில்லை. மெயில் வந்தது உண்மை, படித்ததும் உண்மை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். பராமரிப்பைத் தள்ளிவைப்பது அவர் தனியாக எடுத்த முடிவு இல்லை. பாய்லர் தருமனின் பொறுப்பில் இருந்தது. ஆவணி வரை தாங்கும் என்று தருமன் சொன்னதால்தான், இருவரும் கலந்து பேசி அப்படி முடிவு செய்தார்கள். "மெயிலைப் பாருங்க மேடம். ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. சொன்னீர்கள்னு எழுதியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்கன்னுதானே அர்த்தம்?"

சூர்யகலாவுக்கு முதலில் அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. புரிந்ததும், அது மரியாதைக்காக எழுதியது, சார் ஒருவரைத்தான் குறிக்கிறது, தருமன் அண்ணா அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். மெயிலைப் போடச் சொன்னதே அவர்தான் என்றாள்.

அதற்குச் சாட்சி உண்டா என்று திலகவதி கேட்டார். இல்லை. அறையில் மேலாளர் சொன்னபோது யாராவது இருந்தார்களா? இல்லை. வேலூர் நிறுவனத்துக்கு போனில் என்ன சொன்னாள்? சங்கத்தில் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னாள். அந்த நிறுவனத்தின் குறிப்பேட்டிலும் அப்படியே, "சொல்லிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தது.

ஐயா என்று ஒருமையில்தானே ஆரம்பித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னாள். திலகவதி தாளை எடுத்துப் பார்த்தார். இது கவனிக்க வேண்டியதுதான் என்பது போல முகத்தில் ஓர் அசைவு. ஆனால் ஜெகநாதன், நூறு பேர் உள்ள சங்கத்துக்கு மனு எழுதினாலும் ஐயா என்றுதான் எழுதுவார்கள், ஐயாக்களே என்று யாரும் எழுதுவதில்லை என்றார். அது உண்மைதான். அவள் தருமனுக்கு எழுதிய மெயில்களிலும் ஐயா என்றே இருந்தது.

மறுநாள் அவள் இன்னும் ஒரு கட்டு தாள் கொண்டுவந்தாள். மூன்று வருஷத்தில் ஜெகநாதன் ஒருவருக்கு மட்டும் போன மெயில்களில் அறுபதைத் தேடி எடுத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சொன்னீர்கள், அனுப்பினீர்கள் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஒருவருக்கு எழுதும்போதும் நான் இப்படித்தான் எழுதுவேன், இப்படி எழுதச் சொன்னதே சார்தான் என்றாள்.

திலகவதி பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டினார். பிறகு கேட்டார்.

"தருமனுக்குத் தனியா எழுதினா எப்படி எழுதுவீங்க?"

"இப்படித்தான் மேடம்."

"ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லியிருந்தா? அப்ப எப்படி எழுதியிருப்பீங்க?"

சூர்யகலா யோசித்துப் பார்த்தாள். இருவரும் சொன்னீர்கள் என்று எழுதியிருக்கலாம். அந்த 'இருவரும்' விட்டுப்போயிருந்தால்? சொன்னீர்கள். வேறு சொல் இல்லை. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றாள். கொண்டுவந்த அறுபது தாளும் அந்த ஒரு பதிலோடு வெறும் காகிதமாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

திலகவதி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுப்பது போல, நடந்ததைக் குழப்பம் இல்லாமல் மேலாளரைப் பார்த்தே சொல்லுங்கள் என்றார். சூர்யகலா ஜெகநாதன் பக்கம் திரும்பினாள். அவர் அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து நீ என்று சொல்ல அவளால் முடியாது என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷப் பழக்கம் மட்டும் இல்லை அது. அவள் வீட்டில் அப்பாவை, பெரியப்பாவை, வெளியே பஸ் கண்டக்டரை என்று யாரையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

"நீங்கதான் சார் சொன்னீங்க," என்றாள்.

தட்டச்சு செய்பவர், "நீங்கள்தான் சொன்னீர்கள் எனச் சாட்சி கூறினார்" என்று அடித்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, மேலாளர் ஒருவர் மட்டுமே சொன்னார் என்று திருத்தச் சொன்னாள். திருத்தினார்கள். ஆனால் அது இன்றைக்கு அவள் சொல்வது. அன்றைக்கு எழுதியது அப்படியே இருந்தது.

விசாரணை முடிந்து வெளியே வரும்போது திலகவதி படிக்கட்டில் அவளை நிறுத்தினார். "எனக்குப் புரியுதும்மா. நானும் என் மேலதிகாரிக்கு இப்படித்தான் எழுதறேன். ஆனா எனக்குப் புரிஞ்சதை அறிக்கையில எழுத முடியாது," என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஒன்றரை மாதத்தில் அறிக்கை வந்தது. பராமரிப்பைத் தள்ளிவைத்தது மேலாளரும் சாயச்சாலைப் பொறுப்பாளரும் கூட்டாக எடுத்த முடிவு. பழுதை அறிந்திருந்தும் பாய்லரைத் தொடர்ந்து இயக்கியது பொறுப்பாளரின் கவனக்குறைவு. மேலாளருக்கு எச்சரிக்கை. அவ்வளவுதான். கருணை அடிப்படையில் வேலை கேட்டுச் சின்னபொண்ணு கொடுத்திருந்த மனு, இறந்தவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பதால் பரிசீலிக்க இயலவில்லை என்ற ஒரு வரியோடு திரும்பிப் போனது. அந்த வரியைத் தட்டச்சு செய்து மெயிலில் அனுப்ப வேண்டிய வேலையும் சூர்யகலாவுக்குத்தான் வந்தது. உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தாள். வேறொருவர் அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் அவள் டவுன் பஸ் ஏறிச் சேவூருக்குப் போனாள். தருமனின் வீடு ஒற்றை அறையும் சமையல்கட்டும். சின்னபொண்ணு அவளை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். மகள் காவ்யா பன்னிரண்டாவது படிக்கிறாள். சுவரோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"அவரும்தான் வேணாம்னு சொன்னாராமே," என்று சின்னபொண்ணு கேட்டாள். கோபம் இல்லாத குரல். "ஊட்டுக்கு வந்தா தெனம் அந்த வால்வைப் பத்திதான் பேசிகினு இருப்பாரு. அவரே தள்ளிப் போடச் சொன்னாரா?"

இல்லை அண்ணி, சத்தியமாக இல்லை என்று சூர்யகலா சொன்னாள். போனில் மெயிலைத் திறந்து காட்டினாள். சின்னபொண்ணு அதை வாங்கி மகளிடம் கொடுத்தாள். காவ்யா இரண்டு தடவை படித்தாள். இது மேலாளருக்கு எழுதியது, மரியாதைக்காக அப்படி எழுதியிருக்கிறேன் என்று சூர்யகலா விளக்கினாள்.

"மரியாதைப் பன்மை. எனக்குத் தெரியும்க்கா, ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க," என்றாள் காவ்யா. விரலால் திரையின் மேல்பகுதியைத் தொட்டாள். "ஆனா இங்க எங்கப்பா பேரும் இருக்கே. இதைப் படிச்சா யாரா இருந்தாலும் ரெண்டு பேர்னுதான் நெனப்பாங்க."

"அவர்தான் அனுப்பச் சொன்னாரு."

"அனுப்பச் சொன்னாரு. பக்கத்துல போடச் சொன்னாரா?"

நகலில் போடுவது மரியாதையாக இல்லை என்று நினைத்தேன் என்று அந்த வீட்டில், அந்தப் பெண்ணிடம் அவளால் சொல்ல முடியவில்லை. சின்னபொண்ணு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அவரு பேரை மட்டும் எழுதியிருக்கலாமே, அந்த மேலாளரு பேரை. ஒரு பேரு எழுதறதுல இன்னா கொறஞ்சிடப் போவுது," என்றாள்.

மூத்தவர்களின் பெயரை எழுதுவது வழக்கமில்லை என்பதுதான் அதற்கும் பதில். அதையும் அவள் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் மேலிடத்துக்கு ஒரு மேல்முறையீடு எழுதினாள். வீட்டில் உட்கார்ந்து மூன்று நாள் எழுதினாள். ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்திப் பார்த்தாள். மேலாளர் ஜெகநாதன் என்று பெயரைப் போட்டாள். "கூறினார்கள்" என்று தானாக வந்த இடத்தில் எல்லாம் கடைசியிலிருந்த 'கள்' எடுத்தாள். "அவர் ஒருவரே கூறினார். தருமன் கூறவில்லை. தருமன் எச்சரித்தார்." வாழ்க்கையில் அவள் எழுதியவற்றில் அதுபோல ஐயத்துக்கே இடமில்லாத எழுத்து வேறு இல்லை. எழுத எழுத அவளுக்கு அழுகை வந்தது. ஆடி மாதம் வெள்ளிக்கிழமை இதில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இப்பொருள் குறித்து ஏற்கெனவே விசாரணை முடித்துத் தீர்வு காணப்பட்டுள்ளது. கூடவே ஜெகநாதனிடமிருந்து ஒரு குறிப்பு. மேல்முறையீட்டின் நகல் அவருக்குப் போயிருந்தது. மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. விற்பனைக் கூடத்தில் ஆள் குறைவாக இருப்பதால் நாளை முதல் அங்கே பணியாற்றும்படி எழுதியிருந்தார். அங்கே மெயில் எழுதும் வேலை கிடையாது.

இப்போது அவள் கீழே புடவைகளை விரித்துக் காட்டுகிறாள். வேலையை விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தாள். அப்பாவுக்கு வேலை இல்லை, தம்பி படிக்கிறான். விடவில்லை. பாய்லருக்குப் புது வால்வு போட்டார்கள். சாயச்சாலைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவருக்குத் தருமனைத் தெரியாது.

போன பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் சின்னபொண்ணைப் பார்த்தாள். பவர்லூம் கொட்டகையில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையில் டிபன் பை. சூர்யகலாவுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அவள் நகர்ந்து இடம் விட்டு, வாங்க அண்ணி என்றாள். சின்னபொண்ணு அவளைப் பார்த்தாள். தெரியாதவர்களைப் பார்ப்பது போலவும் இல்லை, பகையாளியைப் பார்ப்பது போலவும் இல்லை.

"பரவாயில்லீங்க. நீங்க உக்காருங்க," என்றாள்.

முன்பெல்லாம் வாம்மா, போம்மா என்றுதான் சூர்யகலாவைக் கூப்பிடுவாள். சின்னபொண்ணு கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய் நின்றாள். சேவூர் வரும் வரை அந்த சீட் காலியாகவே இருந்தது.